"இன்பாக்ஸ் பாருங்க சிஸ்" என்று எழுதுவதை விட்டுவிடலாமே

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சரக்கு எடுத்து, வீட்டில் வைத்தே நைட்டியும் காட்டன் புடவையும் விற்கிற பெண்கள் எங்கள் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் நிறையப் பேர். பேஸ்புக் லைவ், இன்ஸ்டா ரீல்ஸ்தான் அவர்களுக்குக் கடை. வீடியோவுக்குக் கீழே போய்ப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே கதை. "விலை?", "பிரைஸ் சொல்லுங்க", "எக்ஸெல் இருக்கா?" என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே "இன்பாக்ஸ் பாருங்க சிஸ்" என்று ஒரே பதில். ஆர்டர் வாட்ஸ்அப்பிலோ இன்பாக்ஸிலோதான் எடுக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. முகவரி, போன் நம்பர், பணம் எல்லாவற்றையும் கமெண்டில் பேச முடியாது. ஆனால் அந்த இடத்துக்கு ஆளை அழைத்துப் போகிற விதம்தான் தலைகீழாக இருக்கிறது என்பது என் கட்சி. நாம் வாடிக்கையாளருடைய இன்பாக்ஸுக்குப் போகக் கூடாது. அவர் நம்முடையதற்கு வர வேண்டும்.

முதல் காரணம் சாதாரணமானது. இன்ஸ்டாவில் நம்மைப் பின்தொடராத ஒருவருக்கு நாம் மெசேஜ் அனுப்பினால், பெரும்பாலும் அது அவருடைய சாட் வரிசையில் தெரியாது. "ரிக்வெஸ்ட்" என்ற தனிப் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைத் திறந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? பேஸ்புக் பேஜில் வேறு மாதிரி. ஒரு கமெண்டுக்குத் தனியாகப் பதில் அனுப்ப 7 நாள் அவகாசம், அதுவும் ஒரே ஒரு மெசேஜ். அவர் திரும்பப் பேசினால்தான் அடுத்தது போகும். இருக்கிற அந்த ஒரு வாய்ப்பில் நம்மவர்கள் "ஹாய் சிஸ்" என்று அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். அப்புறம் "விலை கேக்குறாங்க, வாங்க மாட்டேங்குறாங்க" என்று புலம்பல்.

இரண்டாவது காரணம்தான் எனக்குக் கோபம் வரவைப்பது. கமெண்டில் விலை கேட்ட பெண்ணுக்கு, கடைக்காரர் பார்ப்பதற்கு முன்னாலேயே வேறு ஒருவன் மெசேஜ் அனுப்பிவிடுகிறான். அதே புரொபைல் படம், பெயரில் மட்டும் ஒரு புள்ளியோ ஓர் எழுத்தோ கூடுதல். "சிஸ், இது கடைசி பீஸ், இப்பவே ஜிபே பண்ணிடுங்க" என்பான். கடைக்காரரும்தானே இன்பாக்ஸ் பார்க்கச் சொன்னார்? யார் மெசேஜ் வந்தாலும் அது கடைதான் என்று நம்ப வாடிக்கையாளரைப் பழக்கி வைத்ததே நாம்தான். இதற்கு ஒரு வரி போதும், ஒவ்வொரு பதிவின் கீழும்: "நாங்கள் முதலில் மெசேஜ் அனுப்ப மாட்டோம். இந்த ஒரு நம்பர் மட்டும்தான் எங்களுடையது." இந்த வரியைப் போட்டுவிட்டு இன்பாக்ஸுக்கும் ஓடினால் அதற்கு அர்த்தம் இல்லை. ஏமாந்துவிட்டவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு.

கமெண்டில் "உங்க நம்பர் போடுங்க, நாங்களே கூப்பிடுறோம்" என்பது இன்னும் மோசம். ஒரு பெண்ணின் நம்பரை ஊர் பார்க்கிற இடத்தில் எழுத வைத்துவிட்டு, நடு இரவில் அவளுக்கு வருகிற வீடியோ காலுக்கு யார் பொறுப்பு?

சரி, விலையை ஏன் மறைக்கிறார்கள்? விலை கேட்டு எழுதினால் கமெண்ட் கூடும், வீடியோ நிறையப் பேருக்குப் போகும் என்பது பாதிப் பேர் கணக்கு. ஆனால் "வேணும்னு கமெண்ட் பண்ணுங்க" என்று ஆள்சேர்க்கிற பதிவுகளைக் கீழே தள்ளுவதாக பேஸ்புக் 2017-லேயே அறிவித்துவிட்டது. மீதிப் பேர் சொல்கிற காரணத்தில் நியாயம் உண்டு. மொத்தமாக விற்கிறவர் விலையை வெளியே போட்டால், அவரிடம் வாங்கி விற்கிற ரீசெல்லருடைய வாடிக்கையாளரும் அதைப் பார்ப்பார். ரீசெல்லர் பிழைப்பு போய்விடும். அப்படியானவர்கள் மொத்த விலையை ரீசெல்லர் குரூப்பில் மட்டும் போட்டு, வெளியே சில்லறை விலையை எழுதலாமே. நேராக வீட்டுக்கு விற்கிறவருக்கு மறைக்கக் காரணமே இல்லை. தொடர்ந்து ஆன்லைனில் விற்பவர், எல்லாக் கட்டணமும் சேர்த்து ஒரே தொகையாக விலையைக் காட்ட வேண்டும் என்றுதான் 2020-ல் வந்த மின்வணிக விதிகளும் சொல்கின்றன.

எங்கள் தெருவில் நைட்டி விற்கிற ஓர் அக்கா இதை எப்படிச் செய்கிறார் என்று சொல்கிறேன். லைவில் ஒவ்வொரு நைட்டியையும் தூக்கிக் காட்டும்போது, கழுத்துப் பக்கத்தில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று தொங்கும். அதன் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக "N12". கீழே "280", "L, XL". முன்பெல்லாம் "புடிச்சா ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க" என்பார். வருகிற ஸ்கிரீன்ஷாட்டில் பாதி, அவர் துணியை உதறும்போது எடுத்தது. பச்சையா நீலமா என்று அவருக்கே தெரியாது. இப்போது ஸ்கிரீன்ஷாட் மங்கலாக இருந்தாலும் அட்டை எண் தெரிகிறது.

வீடியோ முடிந்ததும் தனித்தனிப் படமாகப் போடும் பதிவில் இப்படி எழுதுகிறார்: "N12, காட்டன் நைட்டி, 280. தமிழ்நாட்டுக்குள் கூரியர் சேர்த்து 340. XL வேண்டுமானால் கீழே உள்ள லிங்கைத் தொடுங்கள்."

```
https://wa.me/91XXXXXXXXXX?text=N12%20XL
```

நம்பருக்கு முன்னால் 91 மட்டும். பிளஸ் குறியோ சைபரோ போடக் கூடாது. %20 என்பது இடைவெளி. தொட்டதும் அவருடைய சாட் திறந்து, "N12 XL" என்று ஏற்கெனவே எழுதியிருக்கும். அனுப்புகிற பட்டனை மட்டும் வாங்குகிறவர் அழுத்த வேண்டும். இன்ஸ்டா கேப்ஷனில் லிங்க் போட்டால் தொட்டுத் திறக்க முடியாது. அங்கே ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கராகவோ புரொபைல் பக்கத்திலோதான் வைக்க வேண்டும்.

முதல் மெசேஜிலேயே பொருளும் அளவும் வந்துவிடுவதால், "ஹாய்", "சொல்லுங்க சிஸ்", "எந்த நைட்டி?", "அந்தப் பூப் போட்டது" என்கிற அரை மணி நேரம் மிச்சம். வாட்ஸ்அப் பிசினஸில் அக்கா ஒரு குவிக் ரிப்ளை எழுதி வைத்திருக்கிறார்: "இருக்கு. கூரியர் சேர்த்து 340. பெயர், முகவரி, பின்கோடு அனுப்புங்க. இரவு 9 மணி வரை எடுத்து வைக்கிறேன்." அந்தக் கடைசி வரி முக்கியம். கெடு இல்லாமல் எடுத்து வைத்தால், பணம் கட்டாதவர் பெயரில் பீஸ் முடங்கிக் கிடக்கும், காசோடு வருகிறவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். சாட்டுக்கு "பணம் வரணும்" என்று ஒரு லேபிள். ஜிபே ஸ்கிரீன்ஷாட் வந்தாலும் லேபிளை மாற்ற மாட்டார். தன் பேங்க் கணக்கில் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான். போலி ஸ்கிரீன்ஷாட் செய்து தருகிற ஆப்கள் இருக்கின்றன.

லைவ் ஓடும்போதே ஒற்றைப் பீஸுக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்வது தனிப் பிரச்சினை. ஒருவர் கமெண்டில் "N12" என்பார், இன்னொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். அக்கா தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்: வாட்ஸ்அப்பில் முதலில் வந்த மெசேஜுக்குத்தான் பீஸ், கமெண்டில் எழுதியது கணக்கில் வராது. மெசேஜில் நேரம் இருக்கிறது, சண்டை வந்தால் காட்டிவிடலாம்.

பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவர்கள், ஆரி வேலை செய்கிறவர்கள் இதை அப்படியே எடுக்க முடியாது. அளவும் டிசைனும் தெரியாமல் ஒரே விலை எப்படிச் சொல்வார்கள்? அவர்களும் "சாதா பிளவுஸ் இத்தனை ரூபாயிலிருந்து" என்று ஆரம்ப விலையையாவது எழுதலாம். லிங்கில் "ஆரி, கை மட்டும்" என்பது போல வேலையின் பெயர் போதும். தமிழில் எழுதினால் அந்த லிங்க் நீளமாக, சதவீதக் குறிகளாக மாறும். பயப்பட வேண்டாம், திறக்கும்போது தமிழாகவே தெரியும்.