5% டிஃபால்ட்னா 5% பணம் போச்சா?

"ஒரு லோன்ல டிஃபால்ட் ஆக சான்ஸ் 5%னு பேங்க் சொன்னா, கொடுத்த பணத்துல 5% போச்சுன்னு அர்த்தம்" - இப்படி ஒரு ஃபார்வர்ட் சுத்துது.

இது தப்புங்க. 5% என்பது ஒரு வருஷத்துக்குள்ள கட்டாம போறதுக்கான வாய்ப்பு மட்டும்தான், கட்டாம போனாலும் அடமானத்த வித்து கொஞ்சம் திரும்ப வரும்ல, அதனால கணக்கு இதுதான்:

```
EL = PD × LGD × EAD
```

இதுல EL-னா எதிர்பார்க்கற நஷ்டம், PD-னா டிஃபால்ட் ஆகற வாய்ப்பு, LGD-னா டிஃபால்ட் ஆனா திரும்ப வராம போற பங்கு, EAD-னா டிஃபால்ட் ஆகற சமயத்துல பாக்கி இருக்கற தொகை. லிமிட் 10 லட்சம், எடுத்தது 6 லட்சம்னு வச்சுக்கோங்க. பணம் முடையில இருக்கறவங்க டிஃபால்ட்டுக்கு முன்னாடி மிச்ச லிமிட்டையும் எடுப்பாங்க (இத நிறைய பேர் விட்டுடறாங்க), அதுல பாதி எடுப்பாங்கன்னா EAD 8 லட்சம். 60% வசூலாகும்னா LGD 40%. அப்போ 0.05 × 0.40 × 8,00,000 = 16,000. ஃபார்வர்ட் கணக்குப்படி 6 லட்சத்துல 5%, 30,000 வரும்.

இந்த 16,000 சராசரிதான், தனி லோன்ல நஷ்டம் ஒண்ணு பூஜ்யம், இல்ல 3.2 லட்சம். இதே மாதிரி 100 லோன்ல சுமார் 5 டிஃபால்ட் ஆனா மொத்தம் 16 லட்சம் போகும், அத 100ஆல வகுத்தா அதே 16,000. ஆனா மந்தநிலை வந்தா டிஃபால்ட்டும் ஏறும், அடமான விலையும் இறங்கும், அப்போ நஷ்டம் இத தாண்டும், அதுக்குத்தான் பேங்க் தனியா மூலதனம் வைக்குது.

உலக அளவுல பேங்க்குகளுக்கு விதி வகுக்கற பாசல் கமிட்டியோட விதிகள் bis.org-ல இலவசமா இருக்கு, CRE35 அத்தியாயத்துல பாருங்க. அந்த மெசேஜ இனி யாருக்கும் அனுப்பாதீங்க ப்ளீஸ்.