52 நிமிஷ ஆடியோவை அனுப்பிட்டா கடமை முடிஞ்சதா?

என் வகுப்புத் தோழி டைபாய்டு காய்ச்சலில் மூன்று வாரமாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் எதையாவது கேட்டாலே தலை விண்விண்ணென்று தெறிக்கிறது என்கிறாள். அவளுக்கு எங்கள் வகுப்பு செய்த உதவி என்ன தெரியுமா? முதல் பெஞ்சில் போனை வைத்துப் பதிவு செய்த 52 நிமிஷ ஆடியோ. கூடவே ஒரு வரி: "இதுல எல்லாம் இருக்கு, கேட்டுக்கோ."

எல்லாம் இருக்கிறதா? அனுப்புவதற்கு முன் ஒருத்தராவது அதைப் போட்டுக் கேட்டீர்களா?

நான் கேட்டேன். அவளுக்குப் பாடத்தைச் சுருக்கிக் கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். நரம்பில் சமிக்ஞை எப்படி ஓடுகிறது என்பதுதான் அன்றைய பாடம். 14ஆம் நிமிஷத்தில் சாரின் குரல் இப்படி வருகிறது: "இப்போ இது திறக்குது. இது உள்ள வருது. உடனே இது ஏறுது பாருங்க. இங்க வந்ததும் இது மூடிக்கும், அது திறக்கும், அது வெளிய போகும், திரும்ப இது இறங்கும்." பின்னால் சாக்பீஸ் போர்டில் டொக் டொக்கென்று தட்டுகிற சத்தம்.

பாடத்தின் உயிரே அந்த இடம்தான். வகுப்பில் உட்கார்ந்திருந்த நமக்குப் புரிந்தது, ஏனென்றால் சாரின் விரல் எங்கே இருந்தது என்று நாம் பார்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவளுக்கு அங்கே ஐந்து "இது"வும் இரண்டு "அது"வும் ஒரு "இங்க"வும்தான் இருக்கின்றன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. இதை வைத்துக்கொண்டு அவள் என்ன படிப்பாள்? நாலு தடவை கேட்டாளாம். நாலு தடவையும் தனக்குத்தான் காய்ச்சலில் மூளை மழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாளாம். இதை அவள் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அடுத்து இன்னொருத்தர் "சுருக்கம்" என்று ஒன்றை அனுப்பினார். அதை அப்படியே தருகிறேன்: "ஓய்வு மின்னழுத்தம். வரம்பு மதிப்பு. டீபோலரைசேஷன். ரீபோலரைசேஷன். ரெஃப்ராக்டரி பீரியட். சோடியம்-பொட்டாசியம் பம்ப். கணவாய் பரிசோதனை." முடிந்தது. ஏழு தலைப்புகள். சார் எதைப் பற்றிப் பேசினார் என்று தெரிகிறது, என்ன சொன்னார் என்பது ஒரு எழுத்துகூட இல்லை. பாடப்புத்தகத்தின் பொருளடக்கம் அவளிடமே இருக்கிறது. வகுப்புக்கு வர முடியாதவளுக்குத் தேவை வாக்கியம். எது, எதனால், எதைச் செய்கிறது என்று எழுவாயும் பயனிலையும் உள்ள வாக்கியம்!

சாரின் அந்த எட்டுச் சுட்டுச்சொல்லையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, பெயர் வைத்து நான் எழுதினேன். அதற்கே ஒரு சாயங்காலம் போனது. கடிதத்தில் அந்தப் பகுதி இப்படி இருந்தது:

"முதலில் ஒன்றும் நடக்காத நிலையைப் பிடித்துக்கொள். நரம்பு செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே இருப்பதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. பொட்டாசியம் நேர்மாறு, உள்ளேதான் அதிகம், ஏறக்குறைய முப்பது மடங்கு. சும்மா இருக்கும்போது சவ்வு வழியே பெரும்பாலும் பொட்டாசியம்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிகிறது. நேர்மின் அயனி வெளியே போவதால் உள்பக்கம் எதிர்மின்னாக நிற்கிறது. அதுதான் ஏறக்குறைய −70 மில்லிவோல்ட். சார் போர்டில் போட்ட வரைபடத்தில் தொடக்கத்தில் இருக்கும் படுக்கைக்கோடு இதுதான்.

இப்போது ஏதோ ஒரு தூண்டுதலால் உள்பக்க மின்னழுத்தம் −55 பக்கம் ஏறினால், மின்னழுத்தத்துக்குத் திறக்கும் சோடியம் சேனல்கள் படபடவென்று திறக்கும். (சாரின் முதல் 'இது'.) சோடியம் உள்ளே பாயும். (இரண்டாவது 'இது'.) பாய்ந்தால் மின்னழுத்தம் இன்னும் ஏறும், ஏறினால் இன்னும் நிறைய சேனல் திறக்கும். அதனால்தான் கோடு செங்குத்தாக எழும்புகிறது. (மூன்றாவது.) +30ஐ ஒட்டி வந்ததும், அதுதான் 'இங்க', சோடியம் சேனல்கள் அடைபடும். தாமதமாகத் திறக்கிற பொட்டாசியம் சேனல்கள் திறக்கும். பொட்டாசியம் வெளியே போகும். அது போவதால் கோடு மறுபடி இறங்கும். மொத்தமும் ஓரிரு மில்லிநொடிக்குள்."

அவ்வளவுதான். எட்டுச் சுட்டுச்சொல்லுக்கு எட்டுப் பெயர். இதைச் செய்ய மேதாவியாக இருக்க வேண்டியதில்லை, அன்று வகுப்பில் கண் திறந்து உட்கார்ந்திருந்தால் போதும். நாற்பது பேர் அப்படி உட்கார்ந்திருந்தோம்.

இதைவிட எனக்கு வயிறு எரிந்தது வேறொன்றில். தலைப்புச் சுருக்கம் அனுப்பியவரிடம் அவள், "சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ன செய்யுது?" என்று கேட்டிருக்கிறாள். அவர் உடனே எழுதிவிட்டார்: "ஏறின மின்னழுத்தத்தைப் பம்ப்தான் கீழே இறக்கும், சாரே சொன்னாரு, 31ஆம் நிமிஷம்." நேரத்தோடு ஆதாரம்! போய்க் கேட்டேன். உண்மைதான், 31ஆம் நிமிஷத்தில் பின்பெஞ்சிலிருந்து யாரோ கேட்க, சார் ஏதோ எழுதிக்கொண்டே, "ஆமா, பம்ப்தான் பழைய நிலைக்குக் கொண்டுவரும்" என்கிறார். ஆனால் 38ஆம் நிமிஷத்தில் அவரே நிறுத்தி, "அப்போ அவசரத்துல சொல்லிட்டேன், திருத்திக்கோங்க. மின்னழுத்தத்தை இறக்குறது பொட்டாசியம் வெளிய போறதுதான். பம்ப் அயனிகளோட கையிருப்பைத்தான் பாத்துக்குது" என்கிறார். ஏழு நிமிஷம்! அந்த ஏழு நிமிஷம் தள்ளிக் கேட்கப் பொறுமையில்லாமல், சாரே வாபஸ் வாங்கிய வாக்கியத்தை அவர் பேரிலேயே நோயாளிக்கு அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

பதிவு செய்த பாடத்தைச் சுருக்குவதில் இருக்கிற பெரிய கண்ணி இது. புத்தகத்தில் தவறான வரி அச்சுக்கு முன்னால் நீக்கப்பட்டுவிடும். பேச்சில் தவறும் இருக்கும், திருத்தமும் இருக்கும், இரண்டும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு, வெவ்வேறு இடத்தில் இருக்கும். கடைசி வரை கேட்காமல் ஒரு வரியைக்கூட "சார் சொன்னார்" என்று எழுத முடியாது.

சரி, பதிவை முழுசாகக் கேட்க நேரமில்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பதில் தப்பு என்று கண்டுபிடிக்க வழி இல்லையா? இருக்கிறது. வேகத்தைப் பார்த்தாலே தெரியும். ஒரு பம்ப் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. அப்படி நொடிக்குச் சில நூறு அயனிகளைத்தான் அதால் கடத்த முடியும். திறந்திருக்கிற ஒரு சேனல் வழியே அதே நொடியில் லட்சக்கணக்கில் பாயும். ஓரிரு மில்லிநொடியில் முடிந்துபோகிற இறக்கத்தைப் பம்ப் எப்படிச் செய்யும்? ஒரு மில்லிநொடிக்குள் அது ஒரு சுற்றுகூட முடித்திருக்காது.

கணவாய் பரிசோதனை என்று ஒரு தலைப்போடு விட்டார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. கணவாய் என்கிற கடல்பிராணியின் பெரிய நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் தடிமன்வரை வரும். அதனால்தான் அதற்குள்ளேயே மெல்லிய கம்பியைச் செலுத்தி ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்கிற இரண்டு விஞ்ஞானிகள் அளந்தார்கள். சோடியம் எப்போது உள்ளே வருகிறது, பொட்டாசியம் எப்போது வெளியே போகிறது என்று பிரித்துக்காட்டி 1952இல் வெளியிட்டார்கள், 1963இல் நோபல் கிடைத்தது. அந்த நரம்பிழையில் பம்பை நச்சால் நிறுத்தினாலும் சமிக்ஞை உடனே நின்றுவிடாது, தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். ஒரு தடவை சமிக்ஞை ஓடும்போது இடம் மாறுகிற அயனி, இருக்கிற கையிருப்போடு பார்த்தால் அவ்வளவு சொற்பம். பம்ப் நின்றால் கையிருப்பு மெதுவாகக் கரையும், பிறகுதான் நரம்பு ஓயும். சார் இதை 40ஆம் நிமிஷத்தில் ஒரே மூச்சில் சொல்கிறார். "கணவாய் பரிசோதனை" என்ற இரண்டு சொல்லில் இதில் எது இருக்கிறது?

நான் எழுதியதும் முதல் தடவையே சரியாக வரவில்லை. முதலில் எழுதியது ஆறு பக்கம். சார் சொன்ன ஒவ்வொரு வரியையும் இறக்கிவைத்துவிட்டேன். பத்து நிமிஷம் தாங்காத தலைக்கு ஆறு பக்கம் அனுப்பினால் அந்த ஆடியோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு பக்கமாக எழுதினேன். மின்னழுத்த எண்களில் −70, −55, +30 மூன்றை மட்டும் வைத்தேன். வரைபடத்தைக் கையால் வரைந்து, கோட்டின் ஒவ்வொரு வளைவுக்கும் பக்கத்தில் எந்த அயனி எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி போட்டேன். ஓரத்தில் சார் சொன்ன நிமிஷத்தைக் குறித்தேன், வேண்டுமானால் அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் அவள் கேட்கலாம். 31ஆம் நிமிஷத்துக்கு எதிரே சிவப்பில் "இதை நம்பாதே, 38ஐக் கேள்" என்று எழுதினேன்.

கடிதம் போய் மூன்றாம் நாள் அவள் பேசினாள். "உன் படத்தைப் பாத்ததும் புரிஞ்சிடுச்சுடி" என்றாள். அடுத்து ஒரு கேள்வி கேட்டாள்: "சமிக்ஞை முன்னாடி மட்டும்தான் போகுது, பின்னாடி ஏன் திரும்பி வரல?"

நான் அதை எழுதவே இல்லை. "சோடியம் சேனல்கள் அடைபடும்" என்று ஒரே சொல்லில் முடித்திருந்தேன். விஷயமே அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. ஓய்வில் மூடியிருக்கிற சேனலைத் தூண்டினால் திறக்கும். உச்சத்தில் அடைபட்ட சேனல் அப்படியில்லை, எவ்வளவு தூண்டினாலும் திறக்காது. மின்னழுத்தம் மறுபடி கீழே இறங்கிய பிறகுதான் அந்த அடைப்பு விலகும். சமிக்ஞை இப்போதுதான் கடந்துவந்த இடம் அடைபட்டுக் கிடக்கும், முன்னால் இருக்கிற இடம் வெறுமனே மூடியிருக்கும், ஆகவே போக வழி முன்னால் மட்டும்தான். ரெஃப்ராக்டரி பீரியட் என்பது இந்த அடைப்பு நேரம்தான்.

இதைச் சார் சொல்லியிருக்கிறாரா என்று மறுபடி ஆடியோவைப் போட்டேன். இருக்கிறது, 47ஆம் நிமிஷம். டொக் டொக்கென்று சாக்பீஸ் சத்தம், பிறகு சாரின் குரல்: "அதனாலதான் இது இந்தப் பக்கம் திரும்பாது, பாத்தீங்களா?"

எது, எந்தப் பக்கம், யார் பார்த்தது? நாற்பது பேர் பார்த்தீர்களே, ஒருத்தருக்குக்கூடவா இதை ஒரு வரி எழுதி அவளுக்கு அனுப்பத் தோன்றவில்லை?