ஜெயிக்கவில்லை, போதுமா?

ஞாயிற்றுக்கிழமை போட்ட படத்தைப் பற்றித்தான். அப்பா தரையில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளை மடித்துக்கொண்டிருப்பாரே, அந்தப் படம். கீழே வந்த கமெண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். "கடைசியில் அப்பா சரண்டர்!" என்ற ஒன்றுக்கு மட்டும் என் படத்துக்கு விழுந்ததைவிட அதிக லைக். இன்னொருவர் படத்தையே எடுத்து, மேலே "பெற்றோரை வென்ற மகள்" என்று பெரிய எழுத்தில் போட்டு, பின்னால் வயலின் ஓடவிட்டுச் சுற்றில் விட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயலினையாவது மன்னிக்கலாம், அந்தத் தலைப்பை மன்னிக்க முடியவில்லை.

நான் யாரையும் வெல்லவில்லை. அப்பா சரணடையவும் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் "படிச்சது படிச்சாச்சு, இனி என்ன" என்றுதான் சொல்வார். அதற்குப் பெயர் சம்மதம் இல்லை.

புதிதாக வந்தவர்களுக்காக: நான் படித்தது தாவர வகைப்பாட்டியல். அதிலும் கோரைக் குடும்பம். பொறியியல் இடம் கையில் இருந்தது, வேண்டாம் என்றேன். அன்று மாமா சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பரவாயில்ல விடு, இவ போய் புல்லு புடுங்கட்டும்." எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கோபமாக இருந்தார், அது வேறு. அதன்பிறகு பதினொரு மாதம் என்னோடு நேராகப் பேசவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு அம்மாவிடம், "அவளுக்குப் பணம் கட்டணுமான்னு கேளு" என்பார். நான் அம்மாவைப் பார்த்து "ஆமான்னு சொல்லு" என்பேன். அம்மா இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

"முதலில் சாதித்துக் காட்டு, பெற்றோர் தானாக வருவார்கள்" என்று இந்த மூன்று நாளில் எத்தனை பேர் எழுதிவிட்டீர்கள். வரவில்லை. நான் ஒன்றும் சாதிக்காத காலத்தில்தான், சொல்லப்போனால் படுமோசமாகச் சொதப்பிய ஒரு நாளில்தான், அப்பா முதல் வார்த்தை பேசினார். அந்த நாளைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் போட்டது என் தப்பு. இப்போது சொல்கிறேன்.

முதல் வருட விடுமுறை. மூன்று குளங்களில் சேகரித்த பதினான்கு செடிகளை வீட்டில் பிரஸ்ஸில் வைத்திருந்தேன். பிரஸ் என்றால் பெரிய யந்திரம் எல்லாம் இல்லை. இரண்டு மரச்சட்டம், நடுவில் செய்தித்தாள் மடிப்புகள், ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒரு செடி, மேலே இறுக்கிக் கட்ட இரண்டு வார். கோரையை வேரும் கிழங்குமாகத் தோண்டி எடுக்க வேண்டும், மேலே மட்டும் கிள்ளி வந்தால் பல இனங்களைப் பிரித்துச் சொல்ல முடியாது. மண்ணைக் கழுவி, தாளைவிட நீளமாக இருந்தால் 'ட'னா போலவோ இசட் போலவோ மடக்கி வைப்போம். ஏனென்றால் கடைசியில் அதை ஒட்டப்போகும் அட்டை ஏறக்குறைய 42 செ.மீ. உயரம், 29 செ.மீ. அகலம்தான். செடியில் உள்ள ஈரம் தாளில் இறங்கும். ஈரத் தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாள் வைக்க வேண்டும், முதல் சில நாள் தினமும். ஒரு நாள் விட்டால் இலை கறுக்க ஆரம்பிக்கும், இரண்டு மூன்று நாள் விட்டால் வெள்ளையாகப் பூஞ்சை படரும், பிறகு குப்பைத்தொட்டிதான்.

அந்த வாரம் மாமா வந்தார், பழைய பேச்சு மறுபடி ஆரம்பித்தது, நான் கத்திவிட்டுத் தோழியின் அறைக்குப் போய்விட்டேன். ஒன்பது நாள். செடிகள் நினைவுக்கு வந்தபோது மூன்றாவது நாள் ஆகியிருந்தது. போனது போனதுதான் என்று விட்டுவிட்டேன். வீம்பு.

திரும்பி வந்து வாரை அவிழ்த்தால் அத்தனையும் அருமையாகக் காய்ந்திருந்தன. ஒரு புள்ளி பூஞ்சை இல்லை. அம்மா தினமும் காலையில் தாள் மாற்றியிருக்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லை, நான் செய்வதைப் பார்த்திருந்தாளாம். காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொண்டாய் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "கன்னத்துல வெச்சுப் பாத்தேன், ஜில்லுன்னு இருந்தா இன்னும் ஈரம். துணிக்குப் பாக்குற மாதிரிதான்" என்றாள். எங்கள் ஆசிரியர் வகுப்பில் சொல்லித்தந்ததும் அதே சோதனைதான்.

ஆனால் ஒரு விஷயம் அவளுக்குத் தெரியாது. சேகரிக்கிறவர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு வரிசை எண் உண்டு. ஒன்றில் ஆரம்பித்தால் ஆயுள் முழுக்க அதே வரிசை, ஓர் எண் திரும்ப வராது. எந்த இடம், என்ன தேதி, தண்ணீரில் நின்றதா கரையில் நின்றதா, பூங்கதிர் என்ன நிறம் (காய்ந்தால் நிறம் மாறிவிடும்) என்பதெல்லாம் அந்த எண்ணின் கீழ் நோட்டில் இருக்கும். செடியையும் நோட்டையும் சேர்ப்பது அந்த எண் மட்டுமே. நான் அதை எங்கே எழுதியிருந்தேன்? செய்தித்தாளின் ஓரத்தில், பென்சிலால். ஈரத் தாளோடு எண்களும் முதல் நாளே குப்பைக்குப் போய்விட்டன.

நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். ஒன்பது செடிகள் வெவ்வேறு இனம், ஆகவே குறிப்பைப் படித்தே கண்டுபிடித்துவிட்டேன். மிச்சம் ஐந்தும் ஒரே இனம், மூன்று குளத்திலும் எடுத்தது. எது எந்தக் குளம்? சொல்லவே முடியாது. உலர்த்திய செடிகளைச் சேர்த்துவைக்கும் ஹெர்பேரியத்துக்கு, இடம் தெரியாத செடி வெறும் வைக்கோல்.

அம்மாவைத் திட்டினேன். எட்டு நாள் எனக்காகத் தாள் மாற்றியவளைப் பார்த்து, "உன்ன யாரு தொடச் சொன்னது" என்றேன். பெற்றோரை வென்ற மகள். வயலினை இந்த இடத்தில் போடுங்கள்.

அப்போதுதான் அப்பா பேசினார். என்னிடம், நேராக. ஆறுதலாக ஒன்றும் இல்லை. "நம்பரத் தாள்லயா எழுதி வெப்ப?" என்றார். அவர் வாழ்நாள் முழுக்கச் சரக்குக் கிடங்கில் கணக்குப் பார்த்தவர். "பெட்டியில எழுதுனா பெட்டி மாறும். சாமான்ல கட்டணும். இதுகூடத் தெரியாம என்ன படிப்பு?"

பதினொரு மாதத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வார்த்தை அது. திட்டுதான். ஆனால் என் படிப்பைப் பற்றித் திட்டாமல் என் வேலையைப் பற்றித் திட்டினார், அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. அழுதேன். மறுநாள் காலை மேஜை மேல் தீப்பெட்டி அளவில் வெட்டிய அட்டைத் துண்டுகள் ஒரு கட்டு இருந்தன, ஒவ்வொன்றிலும் துளை போட்டு நூல் கோத்து. இன்றுவரை நான் செடியின் தண்டில் கட்டுவது அப்படி வெட்டிய அட்டையைத்தான். (அவசரத்துக்கு வேறு அட்டை வெட்டினால் "இது யார் வெட்டினது" என்பார்.)

அதன்பிறகும் ஒன்றும் பொழுது விடிந்தாற்போல மாறவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு கேள்வி வந்தது: "இதெல்லாம் புல்லு இல்லையா?" இல்லை அப்பா, தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள் என்றேன். புல்லின் தண்டு உருண்டை, கணு இருக்கும், கணுக்களுக்கு நடுவே பெரும்பாலும் உள்ளே பொள்ளல். கோரைக்கு அநேகமாக மூன்று பட்டை, உள்ளே கெட்டி. இலைகளும் புல்லில் இரண்டு வரிசை, கோரையில் மூன்று வரிசை. எல்லாக் கோரைக்கும் மூன்று பட்டை இருக்காது, உருண்டைத் தண்டுக் கோரையும் உண்டு என்று சொன்னபோது, "அப்ப எப்படிக் கண்டுபிடிப்ப" என்று விடாமல் கேட்டார். பூவைப் பார்க்க வேண்டும் என்று லென்ஸைக் கொடுத்தேன். பத்து நிமிஷம் பேசாமல் பார்த்தார். அடுத்த கேள்வி வர இன்னொரு வருடம் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, "பெற்றோர் பயப்பட்டதில் என்ன தப்பு" என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. "வேலை எங்க கெடைக்கும்" என்று அப்பா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஆராய்ச்சி நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள் என்று துணிந்து ஒரு பொய் சொன்னேன். படிப்பு முடித்து இரண்டு வருடம் வேலை இல்லை. அந்த இரண்டு வருடம் வாய்திறக்காமல் சோறு போட்டவர்கள் அவர்கள்தான். அப்பாவின் கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் தேர்ந்தெடுத்ததும் சரிதான். இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

"எல்லாம் ஒருநாள் புரிந்துகொள்வார்கள்" என்பவர்களுக்கு ஒரே ஒரு ஆளைக் காட்டுகிறேன். இந்தத் துறையின் தலைமகன் லின்னேயஸ். அவர் அப்பா ஒரு பாதிரியார், மூத்த மகனும் பாதிரியாராக வேண்டும் என்பது வீட்டின் ஆசை. பையன் செடி பின்னால் போனான். அம்மா 1733-இல் இறந்துபோனார். மகனுக்குப் பெயர் வாங்கித்தந்த முதல் நூல் வந்தது 1735-இல். இன்று நாங்கள் தாவரப் பெயரிடலுக்குத் தொடக்கமாக வைத்திருக்கும் நூல் 1753-இல், அப்பா இறந்து ஐந்து வருடம் கழித்து. பாதிரியார் வேலையைத் தம்பிதான் ஏற்றுக்கொண்டார். சாதித்துக் காட்டினால் வருவார்கள் என்றால், அந்த அம்மா எங்கே வந்தார்?

எனக்குக் கோபம் வருவது கமெண்ட் போட்டவர்கள்மேல் மட்டுமா என்று இதை எழுதும்போது தோன்றுகிறது. பட்டமளிப்புக்கு அப்பா வரவில்லை. முதுகு வலி என்றார். முதுகு வலி இருந்தது உண்மைதான். ஆனால் அதே வாரம் மாமா வீட்டுக்குப் போனார். நான் இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை, இப்போதும் எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ. நீங்கள் "சரண்டர்" என்று எழுதும்போது அந்தக் காலியான நாற்காலிதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

மாமா வீட்டில் அன்று என்ன நடந்தது என்பது அம்மா சொல்லித்தான் தெரியும். "என்ன, உங்க பொண்ணு இன்னும் புல்லு புடுங்குதா" என்று கேட்டிருக்கிறார். அப்பா நிதானமாக, "அது புல்லு இல்ல, கோரை. வாசல்ல நிக்குது பாருங்க, தண்ட உருட்டுங்க, மூணு பட்டை இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தாராம். மாமா உருட்டிப் பார்த்தாரா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

அதை அப்பா என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்கவில்லை.

படத்தில் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லையே, அதுதான் வருத்தம். வழுவழுப்பான வண்ணத் தாளைத் தனியாக எடுத்துவிடுகிறார். அது ஈரம் குடிக்காது. இதை நான் சொல்லித்தரவில்லை, நான்கு செடி வீணான பிறகு அவரே கண்டுபிடித்தது. அந்தப் படத்தை எடுத்துவிடப் போகிறேன், சுற்றில் விட்டவரும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து குரல் வருகிறது, "நேத்து வெச்சத மாத்துனியா இல்லையா?" மாற்றவில்லை. போகிறேன்.