'இடியோபதிக்' என்றால் மருந்தே இல்லையா?

“அப்பாவுக்கு வாய் கோணிப்போச்சு, கிருஷ்ணகிரியில் காட்டினோம், ரிப்போர்ட்டில் ‘இடியோபதிக் ஃபேஷியல் பால்சி’ன்னு போட்டிருக்காங்க. அப்படின்னா டாக்டருக்கே நோய் தெரியல, மருந்து கிடையாதுன்னு வாட்ஸ்அப்பில் வருதே?”

தவறு. நோய் தெரிந்துதான் இருக்கிறது: முகநரம்பு வீங்கிச் செயலிழந்திருக்கிறது, அதைத் தூண்டியது எது என்பது மட்டும்தான் பிடிபடவில்லை. பக்கவாதம், காதில் சீழ், அக்கிக் கொப்புளம் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே அப்படி எழுதுவார்கள் (பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றியைச் சுருக்க முடியும், இதில் முடியாது). மருந்தும் உண்டு, ஸ்டீராய்டு மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், அதனால் மந்திரிக்கக் கூட்டிப்போய் நாளைக் கடத்தாதீர்கள். சர்க்கரை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் கண், அது சரியாக மூடாமல் காய்ந்துபோகும், சொட்டு மருந்து விட வேண்டும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். 3 மாதமாகியும் அசைவே வராவிட்டால் வேறு காரணம் உண்டா என்று மறுபடி தேடுவார்கள். கை கால் பலவீனமானாலோ பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.