எல்.ஓ.ஐ. வெறும் காகிதமா?

எல்.ஓ.ஐ. என்பது குத்தகைப் பத்திரத்துக்கு முன் உரிமையாளரும் வாடகைக்கு வருபவரும் கையெழுத்திடும் விருப்பக் கடிதம். அதைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: "எல்.ஓ.ஐ.தானே, தைரியமா கையெழுத்துப் போடுங்க. லீஸ் பத்திரம் பதிவாகிற வரைக்கும் அதுல எதுவும் நம்மளக் கட்டாது."

பாதிதான் சரி. இந்தியச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவுப் பத்திரம் வேண்டும். அதனால் எல்.ஓ.ஐ.யில் எழுதிய வாடகை, காலம், இடையில் காலி செய்ய முடியாத லாக்-இன் ஆகியவை பொதுவாகப் பேச்சுவார்த்தை நிலையிலேயே நிற்கும். ஆனால் இடத்தை வேறு யாருக்கும் தரக்கூடாத பிரத்தியேகக் காலம், ரகசியம், டோக்கன் தொகை பற்றிய ஷரத்துகள் "கட்டுப்படுத்தும்" என்று தனியே எழுதப்பட்டிருந்தால், கையெழுத்தான அன்றே உயிர் பெறும்.

மாத வாடகை 2 லட்சம், டோக்கன் 4 லட்சம், பிரத்தியேகம் 45 நாள் என்று வைத்துக்கொள்வோம். இருபதாம் நாளில் உரிமையாளர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தால், வாடகைக்கு வருபவர் குத்தகையைக் கொடு என்று கேட்க முடியாது. வில்லங்கம் பார்த்த வக்கீல் கட்டணம் போன்ற வீண்செலவைக் கேட்கலாம்.

மாறாக, வாடகைக்கு வருபவர் பின்வாங்கினால்? "டோக்கன் திரும்பாது" என்ற ஒரு வரி மட்டும் போதாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. எந்த இழப்பும் நேராதபோது முன்பணத்தைப் பறிக்க முடியாது என்று 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பெரும்பாலான தகராறு எங்கே பிறக்கிறது? எந்த ஷரத்து கட்டும், எது கட்டாது என்று பிரித்து எழுதாத எல்.ஓ.ஐ.யில்தான். பத்திரத்துக்கு முன்பே சாவி வாங்கி இன்டீரியர் வேலை தொடங்குவது அடுத்த வம்பு.