சிக்ஸ் ஆஃப் பென்டக்கிள்ஸ்: கொடுக்கிறவரே கையேந்தும் காதல்

காதல் பற்றிய கேள்விக்கு பட அட்டைகளை எடுத்துப் பலன் சொல்லும் டாரட்டில் சிக்ஸ் ஆஃப் பென்டக்கிள்ஸ் அட்டை வந்துவிட்டால், சேலத்தில் எனக்குத் தெரிந்த வாசிப்பாளர்களில் பலர் முகம் மலர்ந்து, தாராள மனம், உதவி, பணவரவு என்று பலன் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த அவசரம் எனக்கு உடன்பாடில்லை. ரைடர் வெயிட் என்ற டாரட் கட்டுக்காக 1909இல் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தால் போதும். செல்வந்தர் ஒருவர் நிற்கிறார். ஒரு கையில் தராசு, மறு கையிலிருந்து நாணயங்கள் விழுகின்றன. கீழே இருவர் மண்டியிட்டிருக்கிறார்கள். நாணயம் விழுவது அவர்களில் ஒருவருக்கு மட்டுமே. மற்றவர் ஏந்திய கையோடு காத்திருக்கிறார். யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதை முடிவு செய்பவர் தராசு வைத்திருப்பவர்தான்.

காதலில் இதை வாசிப்பது கடினமாவதற்குக் காரணம், அங்கே புழங்குவது ஒரே நாணயம் அல்ல என்பதுதான். பணத்தில் நின்றுகொண்டு கொடுப்பவர், கவனத்துக்காக மண்டியிட்டிருக்கலாம். ஒரே ஆள் ஒரே உறவில் இரண்டு இடங்களிலும் இருக்க முடியும்.

அண்மையில் நான் வாசித்த ஒரு விரிப்பை, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடும் அடையாளங்களை மாற்றியும் இங்கே எழுதுகிறேன். அவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். அவர் காதலிப்பவர் ஏற்காட்டில் சில அறைகளைக் குத்தகைக்கு எடுத்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். அந்தக் குத்தகைக்கு முன்பணமாக இவர் ஏலச்சீட்டு எடுத்து அறுபதாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். அவரோ கடைசி விருந்தினர் அறைக்குப் போன பிறகுதான் போன் செய்வார். மே மாதக் கூட்டத்தில் அதுவும் நின்றுபோகும். மலையிறங்கி வரும் நாளில் காப்பித்தூளும் மிளகும் கொண்டுவந்து தருவார். அன்று இவர் பட்டறைக்கு விடுப்பு சொல்லிவிட வேண்டும்.

மூன்று அட்டைகள் வைத்தோம். அந்தப் பெண் கொடுப்பது என்ற இடத்தில் குயின் ஆஃப் பென்டக்கிள்ஸ், பெறுவது என்ற இடத்தில் சிக்ஸ், உறவின் இப்போதைய நிலை என்ற இடத்தில் செவன் ஆஃப் பென்டக்கிள்ஸ். மூன்றும் நாணயத்தைக் குறிக்கும் பென்டக்கிள்ஸ் என்பதால், கொடுத்த பணம் திரும்பிவரும் என்று சொல்லி முடித்துவிடலாம். பணம் சம்பந்தப்பட்ட கேள்வியில் அதுதான் கைக்கெட்டும் பலன். ஆனால் நான் பலன் சொல்லும் முன், இந்தப் படத்தில் நீங்கள் யார் என்று கேட்பது வழக்கம். பணம் கொடுத்தவர் ஆயிற்றே, நிற்பவரைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரல் வைத்தது நாணயம் விழாத கையின் மீது.

"பணத்தைப் பத்திக் கேட்டா போனே எடுக்க மாட்டாருக்கா, அதனால கேக்கறதே இல்ல" என்றார்.

வாசிப்பு அங்கேயே திரும்பிவிட்டது. அவர் பெறுவது பணமோ பரிசோ அல்ல, தராசில் நிறுத்துத் தரப்படும் நேரம். இந்தக் கட்டை உருவாக்கிய ஆர்தர் எட்வர்ட் வெயிட் தம் நூலில் இந்த அட்டைக்குத் தரும் பொருள்களில் அன்பளிப்போடு கவனம், விழிப்பு என்பனவும் உண்டு. வெயிட் எண்ணியது காதலில் நாம் ஏங்கும் கவனம் அல்ல என்றே நினைக்கிறேன். ஆனாலும் படம் அந்த வாசிப்புக்கு இடம் தருகிறது. பக்கத்தில் இருந்த செவன், மண்வெட்டியில் சாய்ந்து தான் வளர்த்த செடியையே பார்த்து நிற்கும் ஒருவரின் படம். போட்ட உழைப்பை விட்டுப் போகவும் மனமில்லை, பறிக்கவும் கை வரவில்லை.

இங்கே வாசிப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த ஆண் சுயநலக்காரர் என்று தீர்ப்பு எழுதிவிடத் தோன்றும். அவர் எங்கள் முன் உட்கார்ந்திருக்கவில்லை. சீசனில் உண்மையிலேயே மூச்சுவிட நேரமில்லாதவராகவும் இருக்கலாம். அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பது அட்டைக்குத் தெரியாது. கேட்பவர் எந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கிறார் என்பதை மட்டும் அது வெளியே கொண்டுவரும். தெளிவுக்காக என்று சொல்லி, இனிப்பான அட்டை வரும்வரை உருவிக்கொண்டே இருப்பதும் எனக்குப் பிடிக்காத பழக்கம். அந்தப் பெண் இன்னோர் அட்டை எடுக்கச் சொன்னபோது மறுத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக, பணக் கணக்கையும் நேரக் கணக்கையும் தனித்தனித் தாளில் எழுதச் சொன்னேன். கணக்கு எழுதும் கை அல்லவா, உடனே எழுதினார். முதல் தாளைக் காட்டி மட்டும் பேசிப் பாருங்கள், பணத்தைக் கேட்டதால் பேச்சு குறைகிறதா என்று கவனியுங்கள் என்றேன். குறைந்தால், இரண்டு நாணயங்களும் ஒரே தராசில் கட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். குறையாவிட்டால், அவர் இத்தனை நாள் பயந்தது தானே கற்பித்துக்கொண்ட விலைக்கு.

மாதம் ஐயாயிரம் வீதம் திருப்பித் தருவதாகக் காதலர் ஒப்புக்கொண்டார் என்றும், அதற்குப் பிறகும் போன் வழக்கமான நேரத்துக்கே வருகிறது என்றும் சென்ற வாரம் அந்தப் பெண் செய்தி அனுப்பியிருந்தார். இரண்டாவது தாளை இன்னும் காட்டவில்லையாம்.