முதல் மாதச் சம்பளம் மட்டும் போதுமா?

படிப்பை முடித்த பிள்ளைக்கு இரண்டு வேலைகள் கிடைத்தால், "எதில் சம்பளம் அதிகம்?" என்றுதான் வீட்டில் முதலில் கேட்கிறோம். அறுபது வயதுக்குப் பிறகு மாதம் என்ன வரும் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

மத்திய அரசில் இளநிலை எழுத்தராக 25 வயதில் சேருபவரின் அடிப்படை ஊதியம் ரூ.19,900. அகவிலைப்படியும் வாடகைப்படியும் தனி. தனியார் நிறுவனம் தொடக்கத்திலேயே இதைவிடக் கூடுதலாகத் தரலாம். ஆனால் எழுத்தருக்கு ஆண்டுதோறும் 3 சதவீத உயர்வு உண்டு. பதவி உயர்வும் ஊதியக் குழுவும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், 60 வயதில் அடிப்படை ஊதியம் 54,000ஐ எட்டும். 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து 25 ஆண்டுகள் பணியாற்றியவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி கிடைக்கும். அதாவது சுமார் 27,000. விலைவாசி ஏற ஏற, அகவிலை நிவாரணமும் சேர்ந்துகொண்டே போகும். இதற்காக அவர் சம்பளத்தில் 10 சதவீதம் கொடுத்திருக்கிறார், இலவசம் இல்லை.

தனியார் ஊழியருக்கும் ஓய்வூதியம் இருக்கிறது. பிஎஃப்புக்கு நிறுவனம் செலுத்துவதில், சம்பளத்தின் 8.33 சதவீதம் அதற்குத்தான் போகிறது. ஆனால் சம்பளம் ஒரு லட்சமானாலும் பெரும்பாலோருக்குக் கணக்கில் எடுப்பது ரூ.15,000தான். 2014 செப்டம்பரிலிருந்து இதுவே வரம்பு. அதைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 33 ஆண்டுகள் உழைத்தவருக்குச் சலுகையாக இரண்டு ஆண்டுகள் கூட்டி 35 என்று கொண்டால், மாதம் ரூ.7,500. அகவிலை நிவாரணம் கிடையாது.

மாதம் 19,500 வித்தியாசம். இருபது ஆண்டுகளுக்கு இதை ஈடுகட்ட, சேமிப்பின் வட்டி விலைவாசிக்கு ஈடுகொடுத்தாலும்கூட, கையில் ஏறக்குறைய 47 லட்சம் வேண்டும். வேகமாகச் சம்பளம் உயரும் துறையில் இருப்பவர் இதைச் சேர்த்துவிடுவார். அவருக்குத் தனியார் வேலையே லாபம் என்பேன். ஆனால் நடுத்தர நிறுவனத்தில் இருந்து, நாற்பத்தைந்து வயதில் வேலை போய், பாதிச் சம்பளத்துக்கு வேறிடம் சேர்ந்தவரால் முடியுமா? அரசு ஊழியரை விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்ய அரசியல் சாசனத்தின் 311ஆவது பிரிவு பொதுவாக இடம் தருவதில்லை. அந்தப் பாதுகாப்புக்கும் விலை உண்டு, நாம்தான் கணக்கில் சேர்ப்பதில்லை.

தனியாரில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பத்து ஆண்டுகள் முடியும் முன் வேலை மாறும்போது, ஓய்வூதியப் பணத்தைப் படிவம் 10சி கொடுத்து எடுத்துவிடாதீர்கள். எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் பணிக்காலத்தில் சேராது, கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றுங்கள். இடையில் வேலை இல்லாமல் இருக்க நேர்ந்தால், அதே படிவத்தில் பணத்துக்குப் பதிலாக, உழைத்த ஆண்டுகளைக் கணக்கில் காத்து வைக்கும் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.